கடிதம் எழுதுவோம் – 9: திருவிழாவுக்கு ஓர் அழைப்பு

சென்ற வாரம் துக்கம் விசாரித்து எழுதும் கடிதத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் எடுத்துக்கொள்வது, தூரத்து உறவினர் ஒருவரை உற்சவத்துக்கு வந்து நம் வீட்டில் தங்கும்படி அழைக்கும் கடிதம். உடன்பிறந்தவர்களுக்கும் சம்பந்திகளுக்கும் இப்படி ஒன்றை எழுத வேண்டிய அவசியமே நேராது. வருவதானால் சொல்லிவிட்டு வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். தூரத்து உறவின் விஷயம் வேறு. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் அமர்ந்து, “ஒரு தடவை மதுரைக்கு வாங்க” என்று நாம் சொல்வதையும், “அதுக்கென்ன, வந்தாப் போச்சு” என்று அவர்கள் சொல்வதையும் இரு தரப்பாரும் உபசாரமாகவே எடுத்துக்கொண்டு, பிறகு பல வருஷங்கள் அவரவர் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறோம். அந்த உபசாரத்தை உண்மையான அழைப்பாக மாற்றுவதற்கு எத்தனை பிரியமான வார்த்தைகளை அடுக்கினாலும் போதாது. எந்த நாள் வரவேண்டும், எந்த ரயிலில் ஏறவேண்டும், எந்த அறையில் படுக்கவேண்டும், என்றைக்குத் திரும்பலாம் என்று எழுதினால்தான், நமக்காக ஒரு வீட்டில் இடம் ஒழித்து வைத்திருக்கிறார்கள் என்னும் நம்பிக்கை அவர்கள் மனத்தில் பிறக்கும்.

2025ஆம் வருஷத்துச் சித்திரைத் திருவிழாவுக்காக, என் தகப்பனாரின் ஒன்றுவிட்ட சகோதரியும் தாம்பரத்தில் வசிப்பவருமான அத்தையையும் அவருடைய கணவரையும் அழைத்து நான் எழுதிய கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இருவரும் எழுபது வயதை ஒட்டியவர்கள். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. திருவிழாவைத் தொலைக்காட்சியில் மாத்திரமே பார்த்தவர்கள்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது நாள். வெளியூர்க்காரர்களில் பலர், மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரே நாளில், மிஞ்சினால் அடுத்தடுத்த நாளில், நடப்பதாக எண்ணுகிறார்கள். தங்கையின் கல்யாணத்துக்கு அழகர் பிந்தி வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. உண்மையில் அவை இரண்டு கோயில்களின் இரண்டு உற்சவங்கள். மாசியில் நடந்துவந்த மீனாட்சியின் கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரச்செய்து, இரண்டையும் இணைத்தவர் பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பது வழங்கிவரும் செய்தி. இணைத்தபோதிலும் இடைவெளி வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. 2024இல் கல்யாணம் ஏப்ரல் 21, ஆற்றில் இறங்கியது 23. 2025இலோ கல்யாணம் மே 8, தேர் மே 9, அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. “திருவிழாவுக்கு வாருங்கள்” என்று பொதுவாக எழுதியிருந்தால், அத்தையும் மாமாவும் இரண்டு நாள் தங்குவதற்கான துணியோடு வந்து, கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, அழகரைப் பாராமலே ஊர் திரும்பியிருப்பார்கள். ஆகவே கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, மே 7 காலை முதல் 12 இரவு வரை ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு வரியாக எழுதினேன். மீனாட்சி கோயில் உற்சவம் தீர்த்தத்தோடு முடிந்து, அழகர் மலையை விட்டுப் புறப்படுகிற 10ஆம் தேதி அவர்கள் ஓய்வெடுக்க வேண்டிய நாள் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

கல்யாணம் 8ஆம் தேதி காலையில் என்றால் 7ஆம் தேதி இரவு ரயிலேறினால் போதாதா என்று மாமா கணக்குப் போடுவார் என்பது எனக்குத் தெரியும். போதாது. சென்னையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியலில் மதுரையைத் தொடும். கல்யாண முகூர்த்தத்துக்கு நெடுநேரம் முன்பே கோயிலைச் சுற்றிலும் ஜனங்கள் நிறைந்துவிடுவார்கள். இரவு முழுதும் பிரயாணம் செய்த கால்களோடு அந்த வரிசையில் நிற்பது முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டால், 7ஆம் தேதி மாலை மாசி வீதியில் மீனாட்சியின் திக்குவிஜயத்தையும் பார்க்கலாம். இந்தக் காரணங்களை விளக்கி, மே 6 இரவு தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளும்படி எழுதினேன். எழும்பூர் வரை போய் ஏறவேண்டிய அவசியமில்லை, வண்டி தாம்பரத்தில் நிற்கும்.

கடிதம் எப்போது போய்ச் சேரவேண்டும் என்பதையும் ரயில்தான் நிர்ணயிக்கிறது. 2024 நவம்பரிலிருந்து, பிரயாண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கிறது. மே 6ஆம் தேதிக்கு மார்ச் 7, திரும்பும் மே 12ஆம் தேதிக்கு மார்ச் 13. திருவிழாக் காலத்து மதுரை வண்டிகளில் இடம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். கோயில் பத்திரிகை அச்சாகி வரட்டும் என்று காத்திருந்தால் அழைப்பு வரும், படுக்கை கிடைக்காது. எனவே பஞ்சாங்கத்தில் சித்ரா பௌர்ணமியைப் பார்த்துக்கொண்டு, கோயில் வட்டாரத்தில் நாட்களை விசாரித்து நிச்சயித்துக்கொண்டு, மாசி மாதத்திலேயே எழுதிவிட்டேன். இன்னொன்றையும் குறிப்பிட்டேன்: மூத்தோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, தனியாகவோ இருவராகவோ எடுக்கும் டிக்கெட்டுக்குத்தான் பொருந்தும்; மகளையும் சேர்த்து மூவராக ஒரே டிக்கெட் எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். அத்தைக்கு மேல்படுக்கை கிடைத்துவிட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே பிரயாணம் நின்றுபோகலாம்.

அறையைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதியபடியே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய அத்தைக்கும் மாமாவுக்கும் நமஸ்காரம். உங்களுக்கென்று வாசல் பக்கத்து அறையை ஒதுக்கியிருக்கிறோம். தரைத்தளம்தான், படி ஏறவேண்டியதில்லை, வாசற்படி மாத்திரம் சற்று உயரம், அங்கே பிடித்துக்கொள்ள ஆள் இருப்போம். கட்டில் ஒன்றே உண்டு, அது அத்தைக்கு. மாமாவுக்குக் கீழே மெத்தை விரிக்கிறோம், அவருக்குக் கட்டில்தான் வேண்டுமென்றால் எழுதுங்கள், இன்னொன்று வாங்கிப் போட்டுவிடலாம். உட்கார்ந்து எழுவதற்கு வசதியான கழிவறை அறையை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அது எங்கள் எல்லோருக்கும் பொது, 8ஆம் தேதி என் மைத்துனர் குடும்பமும் வருவதால் காலை வேளையில் கொஞ்சம் காத்திருக்க நேரும். மாசி வீதி முனை நாற்பது அடி தூரத்தில் இருப்பதால், ஒலிபெருக்கிச் சத்தம் நடுராத்திரி வரை கேட்கும். லேசான தூக்கமுள்ளவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுவருவது நலம். ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். மேலவெளி வீதி வாசலில் நிற்பேன். அங்கிருந்து டவுன்ஹால் ரோடு வழியே வீடு பக்கந்தான், ஆட்டோவில் வந்துவிடலாம். அத்தை சாப்பிடும் மாத்திரைகளை மட்டும் பத்து நாளைக்குக் குறையாமல் எடுத்து வாருங்கள்; பலகாரமும் துணிமணியும் வேண்டாம். 13ஆம் தேதி அந்த அறைக்கு வீட்டில் வேறொரு ஏற்பாடு இருப்பதால், 12ஆம் தேதி இரவு வண்டிக்கு நீங்கள் கிளம்பும்படி இருக்கும்.”

கடைசி வாக்கியத்தைப் பற்றி என் தாயாருக்கும் எனக்கும் சிறு தர்க்கம் நடந்தது. அழைக்கும்போதே போகும் நாளைச் சொல்வது மரியாதையல்ல என்பது அவர் கட்சி. உறவினர் வீட்டில் தங்கியிருக்கிற வயதானவர்கள் மூன்றாம் நாளிலிருந்தே, நாம் அதிகம் தங்கிவிட்டோமோ, கிளம்புகிறோம் என்று சொன்னால் மனம் வருந்துவார்களோ என்று தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாளும் அதற்கான உண்மையான காரணமும் முன்பே தெரிந்திருந்தால், அதுவரை உள்ள நாட்களில் அவர்கள் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருப்பார்கள். பொதுக் கழிவறையையும் ஒலிபெருக்கியையும் எழுதியதும் இதே எண்ணத்தில்தான். அசௌகரியங்களை மறைத்து அழைத்தால் வந்த பிறகு வாய்விட்டுச் சொல்ல முடியாமல் சங்கடப்படப்போவது விருந்தாளி.

எழுதுவதற்கு மிகவும் யோசித்தது அழகரைப் பற்றிய பகுதி. எங்கள் வீடு வைகைக்குத் தென்புறம். கல்யாணத்துக்கும் தேருக்கும் அதைவிட வாய்ப்பான இடமில்லை. 9ஆம் தேதி காலை கீழமாசி வீதியில் புறப்படும் தேர்கள் இரண்டும், சுவாமியுடையது பெரிதும் அம்மனுடையது சிறிதுமாக, தெற்குமாசி வீதி சுற்றி மேலமாசி வீதிக்கு வரும்போது, சந்து முனையில் ஒரு நாற்காலி போட்டு அத்தையை உட்காரவைத்தாலே போதும். அழகர் இறங்குவதோ ஆற்றின் வடகரையை ஒட்டி. யானைக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் செல்லும் ஆல்பர்ட் விக்டர் பாலத்தை இருட்டோடு இருட்டாக நடந்தே கடக்கவேண்டும், வண்டிகளை விடமாட்டார்கள். 2022இல் அந்த ஆற்றங்கரை நெரிசலில் இருவர் உயிரிழந்ததை மதுரைக்காரர்கள் மறக்கவில்லை. “அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் காட்டுகிறேன்” என்று அத்தைக்கு வாக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே எழுதி, மாற்று ஒன்றையும் சொன்னேன்: 11ஆம் தேதி பகலிலேயே அவர்களைத் தல்லாகுளத்தில் உள்ள என் சம்பந்தி வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவது, எதிர்சேவைக்காக நகருக்குள் வரும் அழகர் அந்தப் பக்கத்து மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார் ஆதலால், வீட்டுக்கு அருகிலுள்ள மண்டகப்படியிலேயே தரிசித்துவிட்டு, இரவு அங்கேயே தங்குவது, விடிகாலையில் மாமா விரும்பினால் என் மகனோடு ஆற்றுக்குப் போவது, அத்தை வீட்டிலிருப்பது. அங்கே கூடத்தில் பாய்தான், கட்டில் கிடையாது என்பதையும், சம்பந்தி அம்மாளிடம் முன்பே பேசிச் சம்மதம் பெற்றுவிட்டேன் என்பதையும் எழுதினேன். பிறர் வீட்டு இடத்தை அவர்களைக் கேளாமல் கடிதத்தில் தானம் செய்வது உறவுகளில் பெரிய மனத்தாங்கலைக் கொண்டுவரும்.

பத்து நாளில் பதில் வந்தது. டிக்கெட் எடுக்கும் தேதியைக் குறித்துக்கொண்டதாகவும், மாமாவுக்குத் தரையில் படுத்தால் எழுவது சிரமம் என்பதால் கட்டில் கிடைத்தால் நல்லது என்றும், கல்யாணத்தன்று தாலிச்சரடு மாற்றிக்கொள்ளக் கோயிலுக்குள் போகத்தான் வேண்டுமா என்றும் அத்தை எழுதியிருந்தார். மூன்றும் கடிதத்தை நம்பிப் படித்தவர் எழுதக்கூடிய விஷயங்கள். அம்மனுக்குத் திருமங்கல்யதாரணம் ஆகும் நேரத்தில் வீட்டிலிருந்தபடியே சரடு மாற்றிக்கொள்ளும் பெண்கள் மதுரையில் ஏராளம் என்றும், மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கிறோம் என்றும், கட்டிலுக்குச் சொல்லியாயிற்று என்றும் உடனே மறுகடிதம் போட்டேன்.

ஏப்ரல் கடைசியில், கொடியேறிய பிறகு, மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதினேன். முதற்கடிதத்தில் சொன்னவற்றைத் திரும்பச் சொல்லாமல், முகூர்த்தம் காலை எட்டரை மணியை ஒட்டி இருப்பதையும், எந்தெந்த வீதிகளில் வண்டி விடமாட்டார்கள் என்று அறிவித்திருப்பதையும், வெயில் கடுமையாக இருப்பதால் பருத்திப் புடைவையே போதும் என்பதையும் மட்டும் எழுதி, ரயில் பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் எனக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.