ஹலோவுக்குப் பதில் 'சொல்லுங்க'

கைபேசி மணி அடிக்கிறது. திரையில் 'மாமா' என்று வருகிறது. எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை. 'சொல்லுங்க மாமா' என்கிறார். அடுத்து வருவது தங்கை. 'சொல்லுடி.' அதற்கடுத்து ஏதோ புது எண். இப்போது மட்டும் 'ஹலோ'.

ஆள் தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் வேறொன்று. ஏன்?

தொலைபேசி உரையாடல் எப்படித் தொடங்குகிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லோஃப் 1968இல் ஆராய்ந்தார். காவல் துறைக்கு வந்த, அங்கிருந்து போன ஏறத்தாழ 500 அழைப்புகளின் பதிவுகள் அவரிடம் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் எடுத்தவரே முதலில் பேசியிருந்தார். இதற்கு அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. மணியோசை என்பது ஒரு கூப்பிடுதல். முதலில் வரும் ஹலோ அதற்கான பதில். கூப்பிட்டவர், பதில் வந்த பிறகு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. கூடத்திலிருந்து 'அக்கா' என்று குரல் கொடுத்தால், அடுப்படியிலிருந்து 'என்ன?' என்றோ 'சொல்லு' என்றோ பதில் வரும். யாரும் 'வணக்கம்' என்பதில்லை. அந்தப் பழக்கம்தான் போனுக்கும் வந்திருக்கிறது.

ஆனால் எண் காட்டும் வசதியில்லாத பழைய தொலைபேசியில் அப்படிப் பதில் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. மறுமுனையில் பேசுவது மாமனாரா, பக்கத்து வீட்டுப் பையனா என்பது எடுக்கும்போது தெரியாது. 'சொல்லு' என்றால் மரியாதைக் குறைவாகிவிடலாம். 'சொல்லுங்க' என்றால் நண்பனுக்கு அந்நியமாகப் படலாம். ஹலோவுக்கு ஒருமையும் இல்லை, மரியாதைப் பன்மையும் இல்லை. ஆகவே முதலில் ஹலோ, பிறகு 'யாரு பேசுறது?', பிறகு நலம் விசாரிப்பு, அதன் பின்னரே விஷயம். கைபேசித் திரை மணி அடிக்கும்போதே பெயரைக் காட்டிவிடுவதால், 'சொல்லுங்க மாமா' என்ற இரண்டு சொற்களில் அடையாளம், உறவு, மரியாதை, 'விஷயத்துக்கு வரலாம்' என்ற அனுமதி எல்லாம் அடங்கிவிடுகின்றன.

திரையை நம்பித்தான் இந்தச் சொல் வருகிறது என்பது, அது ஏமாற்றும்போது தெரியும். அம்மாவின் எண்ணைப் பார்த்து மகன் 'சொல்லும்மா' என்கிறான். 'அப்பா பேசுறேன்டா' என்று குரல் வருகிறது. 'ஆங், சொல்லுங்கப்பா' என்று அவன் உடனே திருத்திக்கொள்கிறான்.

இன்னொரு சான்று மிஸ்டு கால். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அழைப்பவர், தானே அழைத்திருந்தும் 'சொல்லு, கூப்பிட்டிருந்தியே' என்று தொடங்குவார். இங்கே எதிர்முனையில் போனை எடுத்தவர் 'சொல்லு' என்றால் பேச்சு ஒரு கணம் முட்டி நிற்கும். விஷயம் வைத்திருப்பவர், முதலில் கூப்பிட்ட அவர்தானே!