முடிச்சு ஏன் வழுக்குகிறது?

கிணற்று வாளியில் சணல் கயிற்றைக் கட்டிப் பழகியவர், அதே முடிச்சைப் பாலிபுரொப்பிலீன் கயிற்றில் போட்டால் வாளி நழுவிக் கிணற்றில் விழக்கூடும். கயிறு அறுவதில்லை, முடிச்சுதான் வழுக்கிவிடுகிறது. காரணம் உராய்வு.

கயிற்றை ஒரு கம்பியில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றும் பளுவின் இழுவையைக் குறைத்துக்கொண்டே வருகிறது. வாளியும் நீருமாகப் பளு 12 கிலோ என்போம். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு இழுவை ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்காகிறது. கயிற்று நுனியில் நாம் தாங்க வேண்டியது 2 கிலோவுக்கும் குறைவே. குணகம் 0.15 ஆனால், அதே ஒரு சுற்றுக்குப்பின் 4 கிலோவுக்கும் மேல் மிஞ்சும். இரண்டு சுற்றுகள் சுற்றினால்தான் முதல் நிலை கிட்டும். உராய்வு பாதியானால் சுற்று இரு மடங்காக வேண்டும் என்பதே விதி.

சணல் இழைகள் சொரசொரப்பானவை. எனவே கைப்பிடியில் இரு சுற்றும் இரு அரைமுடிச்சும் போதும். பாலிபுரொப்பிலீனோ வழுவழுப்பானது, வளைத்தால் மீண்டும் நிமிரப் பார்க்கும். அதற்கு மூன்று, நான்கு சுற்றுகள் சுற்றி, மூன்று அரைமுடிச்சுகள் போட்டு, நுனியில் ஒரு சாண் நீளம் மிச்சம் விடுங்கள். முதலில் தரைக்கு அருகில் பளுவைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் விட்ட நுனி குறைந்துகொண்டே வந்தால் முடிச்சு வழுக்குகிறது என்று அறியலாம்.

நைலானும் வழுக்கும். அதற்கு வேறொரு குணமும் உண்டு. பளுவில் நன்றாக நீண்டு மெலியும்; பளு நீங்கினால் மீண்டும் தடிக்கும். அதனால் இறுகிய முடிச்சை அவிழ்ப்பது கடினம். சாரணர்கள் பழகும் 'போலைன்' கண்ணி இதற்கு ஏற்றது. பளுவுக்குப் பின்னும் எளிதில் அவிழும். ஆனால் தளர்ந்து ஆடினால் தானாகவும் அவிழலாம். நுனியை ஓர் அரைமுடிச்சால் பிணைக்க வேண்டும்.

இனி, எதற்கு எந்தக் கயிறு? திடீர் அதிர்ச்சியைத் தாங்க, பழுதான வண்டியை இழுக்க, நீளும் நைலானே சிறந்தது. ஆனால் அது அறுந்தால் சவுக்குபோல் திரும்பி அடிக்கும். இழுக்கும்போது அருகில் நிற்கலாகாது. கிணற்றுக்குப் பாலிபுரொப்பிலீன் நல்லது. அதன் அடர்த்தி 0.91 மட்டுமே, நீரில் மிதக்கும், ஊறாது. வெயில்தான் அதற்குப் பகை. தேய்த்தால் மேற்பரப்பு தூளாக உதிருமானால் மாற்றிவிடுங்கள். மூட்டை கட்டவும் கொடிகளைப் பந்தலில் பிணைக்கவும் சணல் போதும். ஈரத்தில் அது உள்ளிருந்தே மக்கும். புரிகளைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். உள் இழைகள் கறுத்துப் பொடிந்தால் பளு ஏற்றாதீர்கள்.

எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடத்தில் வலிமை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். கயிற்றைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.