கோப்பை சரி, கைப்பிடி எப்படி?

2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 1,920 டாலரைத் தொட்டது. அந்த விலையில் வாங்கியவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகள் சோதனைக் காலம். விலை இறங்கி, இறங்கி, 2015 டிசம்பரில் 1,050 டாலருக்கும் கீழே போனது. பிறகு மெல்லத் தேறி, 2020 ஆகஸ்டில் பழைய உச்சத்தைத் தாண்டி 2,075-ஐ எட்டியது. இந்த ஒன்பது ஆண்டு விலையைக் கோடாக வரைந்தால், பக்கவாட்டில் பார்க்கும் கோப்பையின் வடிவம் கிடைக்கும். அதன் பின் மூன்றரை ஆண்டுகள் விலை மேலே போகாமல் சற்றே தொங்கி நின்றது. அது கைப்பிடி.

பங்குச் சந்தையில் ‘கப் அண்ட் ஹேண்டில்’ என்று சொல்லும் அமைப்பு இதுதான். இதைப் பிரபலப்படுத்தியவர் வில்லியம் ஓ’நீல் என்ற அமெரிக்கர். 1988-இல் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு மேக் மனி இன் ஸ்டாக்ஸ்’ என்ற புத்தகம்தான் இதற்கு ஆழம் இவ்வளவு, காலம் இவ்வளவு என்று அளவுகளைக் கொடுத்தது. இன்று யார் வேண்டுமானாலும் மொபைலில் சார்ட்டைத் திறந்து கோப்பை வரைந்துவிடலாம். வளைந்த கோடெல்லாம் கோப்பையாகத் தெரியும். அதனால்தான் வடிவத்தைவிட அளவு முக்கியம்.

அந்த அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்று புரிய, ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பங்கை உச்சத்தில், 200 ரூபாய்க்கு வாங்கினார். அது 150-க்கு இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் அந்த நஷ்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அவருக்கு இப்போது லாபம் வேண்டாம். போட்ட காசு வந்தால் போதும். விலை மறுபடி 200-ஐ நெருங்கும்போது அவர் விற்பார். அவரைப் போல ஆயிரம் பேர் விற்பார்கள். பழைய உச்சத்தின் அருகே விலை தடுமாறுவது இவர்களால்தான். கோப்பையின் ஆழம், காலம், கைப்பிடி ஆகிய மூன்றையும் அளப்பது ஒரே கேள்விக்காக: இந்த அலுத்துப்போன கைகளிலிருந்து பங்கு வெளியேறிவிட்டதா?

முதலில் ஆழம். உச்சத்திலிருந்து அடி வரை எத்தனை சதவீதம் இறங்கியது என்பதே ஆழம். ஓ’நீல் சொன்ன வழக்கமான அளவு 12 முதல் 33 சதவீதம். 200 ரூபாய்ப் பங்கு 150-க்கு வந்தால் 25 சதவீதம், நல்ல அளவு. சந்தை முழுவதும் சரியும் காலத்தில் 40, 50 சதவீதம் வரைகூட அவர் ஏற்றுக்கொண்டார். சந்தையே 20 சதவீதம் விழும்போது ஒரு பங்கு அதைப் போல இரண்டு மடங்கு விழுவது இயல்பு. சந்தை நன்றாக இருக்கும்போது ஒரு பங்கு மட்டும் பாதியாகிறது என்றால், அந்த நிறுவனத்துக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது.

ஆழம் கூடினால் ஏன் ஆபத்து என்பதைக் கணக்கே சொல்லும். 25 சதவீதம் விழுந்த பங்கு பழைய இடத்துக்கு வர 33 சதவீதம் ஏறினால் போதும். 50 சதவீதம் விழுந்தது இரட்டிப்பாக வேண்டும். அந்த நீண்ட ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும், இறங்கும் வழியில் வாங்கிச் சிக்கிக்கொண்ட யாரோ விற்கக் காத்திருப்பார்கள். உச்சத்தை அடைவதற்குள்ளேயே பங்கு களைத்துப்போகும்.

கோப்பைக்கு முன்னால் ஓர் ஏற்றம் இருந்திருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைந்தது 30 சதவீதமாவது ஏறிய பங்கு ஓய்வெடுக்கும் இடம்தான் கோப்பை. ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்த பங்கில் தெரியும் வளைவு வேறு கதை.

காலத்தை வார சார்ட்டில்தான் அளக்க வேண்டும். தினசரி சார்ட்டில் பார்த்தால் பத்து நாள் ஏற்ற இறக்கம்கூடக் கோப்பையாகத் தோன்றும். ஓ’நீல் கணக்கில் ஏழு வாரம் கீழ் எல்லை, 65 வாரம் மேல் எல்லை. பெரும்பாலானவை மூன்று முதல் ஆறு மாதத்தில் முடியும். மூன்றே வாரத்தில் விழுந்து எழுந்த பங்கில் யாரும் சலித்துப்போகவில்லை, யாரும் விற்று வெளியேறவில்லை. அடிப்பகுதி வட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். விலை அடியில் சில வாரம் அசையாமல் கிடக்கும்போதுதான் பொறுமையற்றவர் கொடுக்க, பொறுமையுள்ளவர் வாங்குவார். கூரான பள்ளத்தில் அந்தக் கைமாற்றத்துக்கு நேரமே கிடைப்பதில்லை.

இனி கைப்பிடி. என் அனுபவத்தில் தரம் பார்க்கப்படாமல் போவது இதுதான். கோப்பையை எல்லோரும் பார்க்கிறார்கள். கைப்பிடி வந்ததும் அவசரப்பட்டு வாங்கிவிடுகிறார்கள்.

நம் 200 ரூபாய்ப் பங்கையே தொடர்வோம். 120-லிருந்து 200-க்கு ஏறி, 150-க்கு இறங்கி, இருபதாவது வாரத்தில் 196-க்கு வந்துவிட்டது. அங்கே, சிக்கியிருந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் விலை 182-க்கு வந்தது. இது 7 சதவீதம். கைப்பிடி 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பதால் இந்த அளவு சரி. அடுத்து, கோப்பையின் நடுக்கோடு எங்கே? 200-க்கும் 150-க்கும் நடுவில் 175. கைப்பிடியின் அடி அதற்கு மேலே நிற்கிறது. நடுக்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அதைக் கைப்பிடி என்றே சொல்ல முடியாது. விற்பவர்கள் இன்னும் பலமாக இருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, வால்யூம். இந்தப் பங்கில் சராசரியாக ஒரு நாளைக்கு 10 லட்சம் பங்குகள் கைமாறுவதாக வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் கடைசி நாட்களில் அது 4 லட்சமாகச் சுருங்கினால் மிக நல்ல அறிகுறி. விலை கொஞ்சம் இறங்கியும் விற்க ஆளில்லை என்று அது காட்டுகிறது. அதே 182-க்கு 15 லட்சம் பங்குகளோடு இறங்கியிருந்தால், கோடு பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் பெரிய கை ஏதோ வெளியேறுகிறது.

நான்காவது, சாய்வு. கைப்பிடி லேசாகக் கீழ்நோக்கிச் சாய வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு பங்கில் கைப்பிடி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. வாரா வாரம் அடி விலை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என ஏறிக்கொண்டே வந்தது. பலமான பங்கு, இறங்கவே மறுக்கிறது என்று நினைத்தேன். உச்சத்தைத் தாண்டிய மூன்றாம் நாளே சரிந்து, பத்து நாளில் கோப்பையின் நடுவுக்கு வந்துவிட்டது. விலை இறங்காததால் யாரும் பயப்படவில்லை. பயப்படாததால் யாரும் விற்கவில்லை. விற்க வேண்டியவர்கள் எல்லோரும் உச்சத்துக்கு மேலே விற்பதற்காக அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிடியின் வேலையே அவர்களை உலுக்கி வெளியேற்றுவதுதான். அதைச் செய்யாத கைப்பிடியை நான் இப்போது தொடுவதில்லை.

வாங்கும் இடம் கைப்பிடியின் உச்சத்துக்குச் சற்று மேலே, நம் உதாரணத்தில் 197. அன்றைய வால்யூம் சராசரியைவிட 40, 50 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். ஸ்டாப் லாஸ் 8 சதவீதம் கீழே வைத்தால் 181. கைப்பிடியின் அடி 182 என்பதைக் கவனியுங்கள். அதுவும் உடைந்துவிட்டால் கணிப்பு தவறு என்று ஆகிவிடுகிறது. ஆகவே அந்த இடத்தில் வெளியேறுவதற்கு நியாயம் இருக்கிறது. இதே பங்கை அவசரத்தில் 215-க்கு வாங்கினால் 8 சதவீத ஸ்டாப் லாஸ் 198-இல் வந்து நிற்கும். உடைத்து ஏறிய பங்கு ஒரு முறை 197 வரை வந்து பார்த்துவிட்டுப் போவது சகஜம். அந்தச் சாதாரண இறக்கமே உங்களை வெளியே தள்ளிவிடும். 5 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டால் விட்டுவிடுங்கள் என்று ஓ’நீல் சொன்னதன் பொருள் இதுதான்.

இந்த அளவுகளோடு தங்கத்துக்குத் திரும்பினால் ஒரு விஷயம் உறுத்தும். கோப்பையின் ஆழம் 45 சதவீதம். காலம் ஒன்பது ஆண்டு. கைப்பிடியில் விலை 2022 இறுதியில் 1,615 வரை வந்தது, அதாவது 22 சதவீதம். பங்குக்கான அளவுகோலில் எல்லாமே அதிகம். ஆனால் நடுக்கோடு 1,480-ஐ ஒட்டி இருக்க, கைப்பிடி அதற்கு மேலேயே நின்றது. அது நிறைவேற்றிய முக்கியமான நிபந்தனை அது ஒன்றுதான். 2022 மார்ச்சிலும் 2023 மே மாதத்திலும் விலை பழைய உச்சத்தைத் தட்டிவிட்டுத் திரும்பியது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி 2,130-ஐத் தாண்டி, அன்றே கீழே விழுந்தது. அன்று நடுவில் பாய்ந்து வாங்கியவர்களுக்கு நாள் முடிவதற்குள் நஷ்டம். 2024 மார்ச்சில்தான் விலை உச்சத்துக்கு மேலே நிலைத்து, மாத முடிவில் 2,200-க்கு மேல் நின்றது. தாண்டியதா என்று பார்க்காமல், தாண்டிய இடத்தில் முடிந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நகைக் கடையில் வாங்கியவர்கள் இந்தக் கோப்பையைப் பார்க்கவே இல்லை. டாலரில் தங்கம் விழுந்தபோது ரூபாயும் விழுந்ததால், இங்கே உச்சமே 2013 ஆகஸ்டில்தான் வந்தது. 10 கிராம் 34,000 ரூபாயைத் தாண்டியது. 2015-இல் 25,000-ஐ ஒட்டி இறங்கியது, 2019-இல் பழைய உச்சத்தைப் பிடித்துவிட்டது. டாலர் சார்ட்டில் 45 சதவீதமாக இருந்த ஆழம் ரூபாயில் 30 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, கோப்பையின் ஆழத்தை அளக்குமுன் எந்தப் பணத்தில் அளக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை யாராவது ஒரு சார்ட்டை அனுப்பி ‘கப் அண்ட் ஹேண்டில் வந்துவிட்டது, வாங்குங்கள்’ என்றால், முதலில் அதை வார சார்ட்டாக மாற்றுங்கள். உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். கைப்பிடி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம்.