தீபாவளிக்கு முந்திய மூன்று நாள்

ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில், குளியலறை என்பது வீட்டுக்கு வெளியே, தகரத் தடுப்புக்குள் ஒரு சிமெண்டுத் தொட்டியும் பாசி படிந்த தரையுமாக இருந்தது. சிந்திய நீர் கால்வாயோடு போயிற்று, மிச்சத்தை மண் குடித்தது. அந்தத் தோட்டங்களை விட்டுச் சுங்கை பட்டாணியிலும் கோத்தா கோலா மூடா வட்டாரத்துத் தாமான்களிலும் இரண்டு மாடி வீடுகளுக்கு நாம் குடிபெயர்ந்தபோது, குளியலறையும் நம்மோடு மாடியேறியது என்பதையும், அதன் தரைக்குக் கீழே இப்பொழுது இருப்பது நம் பூஜை அறையின் கூரை என்பதையும் அநேகர் சிந்திப்பதில்லை.

என் உறவினர் ஒருவர், தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, மாடிக் குளியலறையின் பழைய டைல்ஸை உடைத்துப் புதியது பதித்தார். காலையில் ஒரு பூச்சு, மாலையில் மறு பூச்சு, மறுநாளே நீர் நிரப்பிச் சோதனை, அதற்கடுத்த நாள் டைல்ஸ் என்று வேலை விரைந்தது. சோதனையின்போது நிரப்பிய நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. தை பிறப்பதற்குள் கீழ் அறையின் சிலிங்கில், தாம்பாளம் அளவில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றிற்று.

அந்த வட்டத்துக்குக் குழாயும் காரணமாக இருக்கலாம், தரையும் காரணமாக இருக்கலாம். அழுத்த நீர் செல்லும் குழாய் கசிந்தால் யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் வளரும். தரை கசிந்தால் குளித்துச் சில மணி நேரம் சென்ற பிறகே வளரும், வீடு பூட்டிக் கிடந்தால் உலரத் தொடங்கும். உறவினர் குடும்பம் ஒரு வாரம் வெளியூர் சென்று திரும்பியபோது கறை காய்ந்திருந்தது. ஆகவே குற்றம் அழுத்தக் குழாயினுடையதன்று என்பது நிச்சயமாயிற்று, சந்தேகம் தரையின் மீது விழுந்தது. புளோர் டிராப்பைச் சுற்றியிருந்த நான்கு டைல்ஸைப் பெயர்த்தபோது, குழியில் தேங்கித் தடித்திருந்த பூச்சு, மேலே தோல் கட்டி, அடியில் இன்னமும் களிம்புபோல் இருந்தது. நகத்தால் கீறினால் உரிந்து வந்தது.

டைல்ஸ் நீரைத் தடுக்கும் என்பது பிரமை. அதன் இடுக்குகளில் நிரப்பும் சாந்து வழியே நீர் எப்பொழுதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தடுத்துக் குழாய்க்குத் திருப்பிவிடுவது அடியிலுள்ள நீர்க்காப்புப் படலம் ஒன்றே. சிமெண்டுத் தூளோடு பாலிமர்ப் பாலைக் கலந்து பூசுவது ஒரு வகை. பாலியூரித்தேன் திரவம் மற்றொரு வகை. தாரால் ஆன சுருள் விரிப்பு மூன்றாவது வகை. ரப்பர்போல் நீளக்கூடிய பாலியூரித்தேனே மேல் என்பாரும் உண்டு. ஆனால் அது ஈரத் தரையில் கொப்புளம் கட்டும், ஈரம் காயாத பூச்சின் மீது மணல் தூவி வைக்காவிட்டால் அதன் வழவழப்பில் டைல்ஸ் சாந்து பிடிக்காது. விரிப்போ குழாயும் மூலையும் நெருங்கிய சிற்றறைக்கு ஏற்றதன்று. நம் வீட்டுக் குளியலறைக்குச் சிமெண்டு வகையே உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

உறவினர் வீட்டில் மறுபடி செய்த வேலையைச் சொல்கிறேன். அறை ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம். புளோர் டிராப்பை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் தரைச் சாந்து போட்டு ஒரு வாரம் ஆறவிட்டார்கள். குழாய் தரையைத் துளைக்கும் இடத்தைச் சுருங்காத சாந்தால் அடைத்தார்கள். சுவரும் தரையும் கூடும் மூலையில் சாந்தைச் சாய்வாகத் தேய்த்து, அதன் மேல் வலைத்துணியைப் பூச்சுக்குள் பதித்தார்கள். பின்னர் தரை முழுவதும், சுவரில் 30 சென்டிமீட்டர் உயரமும், வாசற்படித் திண்டும் சேர்த்துப் பூசினார்கள். தரை 3 சதுர மீட்டர், சுவரடி ஏறத்தாழ 2 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 2 கிலோ வீதம் 10 கிலோ கலவை செலவாயிற்று. முதற் பூச்சு கிழக்கு மேற்காக, அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பின் இரண்டாவது தெற்கு வடக்காக.

இதற்கு மேல் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே. அதுதான் என்னை வாட்டும் கவலை. மூன்று நாள் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். பாலிமர்த் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து படலமாகக் கூடுவதற்கு அவற்றுக்கிடையேயுள்ள நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அது வெளியேறுமுன் மேலே நீரை ஊற்றினால் துகள்கள் கரைந்து பிரிந்துவிடும். பாலாக வெளுத்த சோதனை நீர் அதற்குப் பிரத்தியட்சச் சாட்சி. இங்கேதான் நம் ஊரின் விபரீதம் வருகிறது. கெடாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுத்து, காற்று ஈரத்தால் கனத்து, ஒரு கைக்குட்டைகூட உலராத அந்த நாட்களில்தான் தீபாவளி நெருங்குகிறது என்று நாம் அத்தனை பேரும் ஏககாலத்தில் வீட்டை உடைக்கத் தொடங்குகிறோம். பூச்சு அதிக அவகாசம் கேட்கும் பருவத்தில் அதற்கு மிகக் குறைந்த அவகாசத்தைக் கொடுக்கிறோம். மழை நாளில் மூன்றை ஐந்தாக்குவதே விவேகம்; வாசலில் ஒரு விசிறியை வைத்து அறைக் காற்றை வெளியே இழுக்கச் செய்யலாம். பூச்சு தடித்த மூலையில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. நனைந்த வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது.

அதன் பிறகே நீர்த்தேக்கச் சோதனை. புளோர் டிராப்பை ரப்பர் அடைப்பானால் மூடி, தரையின் மேடான இடத்திலும் 25 மில்லிமீட்டர் நிற்கும்படி நீர் நிரப்ப வேண்டும்; சரிவையும் கணக்கிட்டால் இந்த அறைக்கு நூறு லிட்டருக்குச் சற்று அதிகம். ஏஎஸ்டிஎம் டி 5957 என்னும் அமெரிக்கத் தர நெறி இதற்கு 24 முதல் 72 மணி நேரம் விதிக்கிறது. சுவரில் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, அதே அறையில் ஒரு அகன்ற பேசினிலும் நீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால், படலத்தைச் சந்தேகிக்குமுன் அடைப்பானைச் சோதித்து மறுபடி நிரப்ப வேண்டும். கீழே சிலிங்கைத் திறந்து, குழாயின் கழுத்தை விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். உறவினர் வீட்டில் தரையிலும் பேசினிலும் 2 மில்லிமீட்டரே குறைந்தன, கழுத்து காய்ந்திருந்தது.

இச்சோதனை, நீர் தொட்ட உயரத்துக்கு மட்டுமே உத்தரவாதம் தரும். பின்னால் கழிப்பறைக் கோப்பையை நிறுத்தத் துளைக்கும் ஆணிகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகையால் கோப்பையைத் துளையிடாமல் சாந்தில் அமர்த்தச் சொல்வதும், டைல்ஸ் பதித்த பின் இன்னொரு முறை நீர் தேக்குவதும் நலம்.

உடைக்க இரண்டு நாள், தரைச் சாந்து ஆற ஏழு, பூச ஒன்று, காய ஐந்து, தேக்கிவைக்க ஒன்று, டைல்ஸுக்கும் இடுக்குச் சாந்துக்கும் நான்கு: ஆக இருபது நாள். பலகாரத்துக்கு மாவு இடிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இருபது நாள் இல்லையென்றால், பழைய டைல்ஸைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி இவ்வாண்டுப் பண்டிகையைக் கொண்டாடுங்கள். மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசும் ஜனவரியில் கொத்தனாரை அழையுங்கள்.