வெளிநாடு கேட்கும் நற்சான்று



தஞ்சைப் பகுதியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் மருத்துவர்கள் சிலர் எங்களிடம் "நற்சான்று" கேட்டு வருவதுண்டு. நாங்கள் எவ்வளவு நல்லவிதமாக எழுதிக் கொடுத்தாலும் அங்கே அது செல்லாது. அவர் பெயரைப் பதிவு செய்துள்ள மருத்துவக் கவுன்சிலே அதைத் தரவேண்டும். பதிவு நடப்பில் உள்ளது, தொழில் செய்யத் தடையோ ஒழுங்கு நடவடிக்கையோ இல்லை என்பதே அதன் சாரம். கைராசிக்காரரா என்று அது சொல்லாது! பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், கையெழுத்திட்ட நாளிலிருந்து 3 மாதம் வரைதான் அதை ஏற்கிறது; பிறகு வந்த புகார் பழைய தாளில் இராதல்லவா?

இவ்வளவு கெடுபிடி ஏன்? குஜராத்தில் படித்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜயந்த் பட்டேல் என்ற அறுவை மருத்துவர், சிலவகை அறுவைகளைச் செய்ய ஆரிகன் மாநில மருத்துவ வாரியம் 2000-ல் கட்டுப்பாடு விதித்தது. 2003-ல் அவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பதிவு கோரினார். ஆரிகன் தந்த சான்றில், பகிரங்க ஆணை ஒன்று உண்டு, இணைப்பைக் காண்க என்றிருந்தது. இணைப்பு இல்லை. அலுவலர்கள் அந்த வரியைக் கவனிக்கவில்லை, பதிவு கிடைத்தது. பண்டபெர்க் மருத்துவமனையில் 2005 வரை அறுவை செய்தார். செவிலியர் டோனி ஹாஃப்மன் விடாமல் முறையிட்டதால்தான் விசாரணை வந்தது. பதிவு பெற ஏமாற்றியதை 2013-ல் பட்டேல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்று ஆஸ்திரேலியா இச்சான்றை விண்ணப்பதாரர் கையிலிருந்து வாங்குவதில்லை. வழங்கும் கவுன்சிலே நேராக அனுப்பவேண்டும்.