தங்கையின் 'க', மகனின் 'க'

இந்தியில் ஒற்றைக் கண்ணரைக் குறிக்க ஒரு 'கானா' உண்டு. சாப்பாட்டுக்கு இன்னொரு 'கானா', பாட்டுக்கு வேறொரு 'கானா'. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். இந்தி பேசுபவர் காதுக்கோ மூன்றும் வேறு வேறு சொற்கள். முதலாவதில் வருவது நம் 'கல்'லில் உள்ள ககரம். இரண்டாவதில் அதே ஒலியோடு மூச்சுக்காற்றும் சேர்ந்து வெளியேறுகிறது. மூன்றாவதில் வருவது 'தங்கை'யில் உள்ள ககரம். மற்ற ஒலிகள் எல்லாம் அப்படியே இருக்க, முதல் ஒலி மாறியதுமே பொருள் மாறிவிடுகிறது.

இப்படி ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபட்டு, பொருளிலும் வேறுபடும் சொல்லிணைகளைத்தான் மொழியியலாளர் முதலில் தேடுவார். கிடைத்துவிட்டால், அந்த ஒலிகள் அந்த மொழியில் தனித்தனி ஒலியன்கள். தமிழில் 'வால்', 'வாள்', 'வாழ்' என்ற மூன்று சொற்கள் ல, ள, ழ மூன்றையும் ஒலியன்கள் என்று காட்டிவிடுகின்றன. ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பவர் பேச்சில் பின்னிரண்டும் ஒன்றாகிவிடுவதால், அவர் பேச்சில் ஓர் ஒலியன் குறைவு. கணக்கெடுக்க வேண்டியது எழுத்தை அல்ல, பேச்சை.

சரி, தமிழ்க் ககரத்துக்கு வருவோம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'கல்', 'அக்கா', 'தங்கை', 'மகன்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'கல்'லின் ககரத்தில் குரல்வளை அதிர்வதில்லை; 'அக்கா'வின் இரட்டைக் ககரத்திலும் இல்லை. 'தங்கை'யில் அதிர்வு அறுபடாமல் தொடர்கிறது. 'மகன்' என்னும்போது பின்நாக்கு அண்ணத்தை முழுசாக அடைப்பதே இல்லை. பலர் வாயில் அது ஹகரத்தை ஒட்டிய உரசலாகவே வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி குறைந்தது மூன்று.

இவை மூன்று ஒலியன்களா? இணை தேடினால் கிடைக்காது. எனவே அடுத்த படி: ஒவ்வோர் ஒலிக்கும் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்ப்பது. அதிராத ககரம் சொல்லின் முதலிலும், இரட்டிக்கும்போதும், 'வெட்கம்' போல இன்னொரு வல்லினத்தின் பின்னும் வருகிறது. அதிரும் ககரம் ஙகர மெய்யின் பின் வருகிறது. உரசும் ககரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. இதைத் துணைநிலை வழக்கு என்பார்கள். ஒலிப்பிலும் நெருங்கிய உறவுள்ள இந்த மூன்றும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள்.

இங்கே வழுக்க வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. 'மகள்', 'மக்கள்' இரண்டும் வேறு பொருள்தானே, அப்படியானால் உரசும் ககரமும் அடைக்கும் ககரமும் பொருளைப் பிரிக்கின்றனவே என்று தோன்றும். அங்கே பொருளைப் பிரிப்பது ஒற்றையா இரட்டையா என்பதுதான். ஒற்றையென்று தெரிந்தால் உரசல் தானே வரும். இரட்டையென்றால் அடைப்பு தானே வரும்.

ஏன் தானே வருகிறது? உயிரொலிக்கும் மெல்லினத்துக்கும் குரல்வளை அதிர்ந்தபடி இருக்கிறது. நடுவே சிக்கிய குறுகிய மெய்க்காக அதிர்வை நிறுத்தி மறுபடி தொடங்குவதைவிட, அப்படியே விட்டுவிடுவது எளிது. இரட்டை மெய்யில் அடைப்பு நீள்கிறது. வாய்க்குள் காற்றழுத்தம் ஏறி அதிர்வைத் தணித்துவிடுகிறது. ஆனாலும் எல்லா மொழியும் இந்த வழியில் போவதில்லை. ஆங்கிலேயர் 'அங்கிள்' என்பதை அதிராத ககரத்தோடுதான் சொல்கிறார். நம்மூர்ப் பிள்ளைகளில் பலர் அதைத் 'தங்கை'யின் ககரத்தோடு கூப்பிடுகிறார்கள். இரவல் சொல் மேலும் தமிழ் விதி பாய்ந்துவிட்டது.

பொருள் மாறுகிறதா என்ற இந்தச் சோதனை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. 'உன் தந்தை' என்று பொருள்படும் 'நுந்தை'யின் முதல் உகரத்தைக் குறுக்கிச் சொன்னாலும் முழுதாகச் சொன்னாலும் பொருள் வேறுபடாது என்று எழுத்ததிகாரம் சொல்கிறது. ஒலி இரண்டென்று காது கேட்டிருக்கிறது. பொருள் ஒன்றென்று இலக்கணம் பதிந்திருக்கிறது.

இன்றைய பேச்சில் இந்த ஒழுங்கு ஓரிடத்தில் ஆட்டம் காண்கிறது: சொல்லின் முதலில். 'ஐயோ பாவம்' என்பதில் பகரம் அதிராது. நாட்டியத்தில் முகத்தில் காட்டும் 'பாவம்' பலர் வாயில் 'தம்பி'யின் அதிரும் பகரத்தோடு தொடங்குகிறது. எழுத்து ஒன்று, இடமும் ஒன்று, பொருள் இரண்டு. ஆக, இணை கிடைத்துவிட்டது. அதிரும் பகரத்தைத் தமிழின் ஒலியன் பட்டியலில் சேர்ப்பதா, கடன் சொற்களுக்கான தனி அடுக்கில் வைப்பதா என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. இரண்டு 'பாவ'த்தையும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஒருவருக்கோ அந்தக் கேள்வியே எழாது. அவர் பேச்சில் பழைய விதி முழுசாக இருக்கிறது.