மாத்திரைக்கு முன் ஒரு துளிக் குருதி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வாளையாறும் கஞ்சிக்கோடும் அமைந்துள்ளன. தெற்கே இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளில் தேனி மாவட்டத்துத் தொழிலாளர் நாள்தோறும் சென்று மீள்கின்றனர். ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மலேரியா மிகுந்த மாநிலங்களிலிருந்து வந்தோரும் இவ்விடங்களில் பணிபுரிகின்றனர். இன்று இங்கு காணப்படும் மலேரியாவில் பெரும்பகுதி வேற்றூரில் தொற்றி இங்கு வெளிப்படுவதே. எனினும் அனோபிலிஸ் கொசு இங்கும் உண்டாதலின், வந்த நோய் பிறருக்குப் பரவவும் கூடும்.

முன்னாளில் காய்ச்சல் கண்டவர் எவராயினும், அவரிடம் குருதிப் பூச்சு எடுத்தவுடன் குளோரோக்குவின் மாத்திரை நான்கைக் கொடுத்துவிடுவது களப்பணியின் விதியாக இருந்தது. 1958-இல் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் இம்முறையைக் கைக்கொண்டது. சோதனை முடிவு வரப் பல நாட்களாகும் அக்காலத்தில் அது பொருத்தமானதே. பின்னர் நிலை மாறிற்று. குளோரோக்குவினுக்கு அடங்காத பால்சிபாரம் ஒட்டுண்ணி 1973-இல் அஸ்ஸாமில் கண்டறியப்பட்டு, நாளடைவில் நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படலாயிற்று. விரைவில் முடிவு தரும் சோதனைகளும் வந்தன. 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் சோதித்த பின்னரே மருந்து என்று வகுத்தது. பழைய விதி நீங்கினும், வீடுகளில் பழைய வழக்கம் நீங்கவில்லை.

அதனால் விளைவது யாதென ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒடிசாவில் சொந்த ஊருக்குச் சென்று திரும்பிய கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு வாரத்தில் குளிரும் நடுக்கமும் கூடிய காய்ச்சல் காண்கிறது. உடனுறைபவர் தம்மிடம் எஞ்சியிருந்த குளோரோக்குவின் மாத்திரைகள் நான்கைத் தருகிறார். நோய் வைவாக்சு எனில் குருதியிலுள்ள ஒட்டுண்ணிகள் குறைந்து காய்ச்சல் தணியும். அதன்பின் எடுக்கும் பூச்சில் அவை புலப்படாமலும் போகலாம். ஆனால் ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணிகளைக் குளோரோக்குவின் தொடுவதில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ அவை எழுந்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். நோய் பால்சிபாரம் எனில் நிலைமை இன்னும் கொடிது. அம்மாத்திரைகள் பயன்படாமற்போக, நோய் மூளையைத் தாக்கும் நிலைக்கு முற்றக்கூடும்.

சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. வைவாக்சுக்கு வயதுவந்தோருக்குரிய முழு அளவு மூன்று நாட்களில் 4, 4, 2 ஆகப் பத்துக் குளோரோக்குவின் மாத்திரைகளாகும். ஈரலில் உறங்குவனவற்றை அழிக்க நாள்தோறும் 15 மில்லிகிராம் பிரைமாகுவினை 14 நாட்கள் உண்ண வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுவின் ஆகாது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தோருக்கு அது செங்குருதியணுக்களைச் சிதைக்கக்கூடும். சிறுநீர் கறுத்தால் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். பால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து வேண்டும். எனவே, எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பது ஒட்டுண்ணியின் இனத்தை அறிந்த பின்னரே முடிவாகும்.

குருதி எடுக்கும் முறை எளிது. இடக்கை மோதிரவிரலைத் துடைத்து உலர்த்தி, நுனியின் ஓரத்தில் ஊசியால் குத்துவர். ஒரே கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் இடுவர். தடித்தது ஒட்டுண்ணி உண்டா எனக் கண்டறியவும், மெல்லியது அதன் இனத்தை அறியவும் உதவும். துரிதச் சோதனை அட்டையோ ஏறத்தாழ இருபது நிமிடத்தில் விடை தரும். ஆயினும் நோய் தீர்ந்த பின்னரும் சில வாரங்கள் அதில் பால்சிபாரக் கோடு தோன்றக்கூடும். ஆகையால் குணமாயிற்றா என்பதை நுண்ணோக்கியால் பார்த்தே அறியவேண்டும்.

ஒருமுறை ஒட்டுண்ணி காணவில்லை என்பதால் மலேரியா இல்லையென்று முடிவுசெய்தல் ஆகாது. காய்ச்சல் நீடித்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மீண்டும் குருதி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இப்பகுதியில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் பரவுகின்றன. இவையும் தொடக்கத்தில் மலேரியாவை ஒத்திருக்கும். மலேரியா மாத்திரையை நம்பிக் காத்திருப்பவர் எலிக்காய்ச்சலுக்கு வேண்டிய மருந்தை உரிய நேரத்தில் இழந்துவிடுவார்.

காய்ச்சலைத் தணிக்கப் பாரசிட்டமால் கொடுக்கலாம். அது சோதனையைக் கெடுக்காது. ஆஸ்பிரின் கூடாது; நோய் டெங்குவாயின் குருதிக்கசிவு மிகும். வலிப்பு, தெளிவின்மை, மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, கறுத்த சிறுநீர் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

களப்பணியாளர் காய்ச்சல் வீட்டில் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: அண்மையில் எங்கே சென்று வந்தீர்கள்? ஏற்கெனவே மாத்திரை ஏதேனும் உண்டீர்களா? இவ்விரு விடைகளையும் பெற்று, தகட்டுடன் அனுப்பும் குறிப்பில் எழுதுதல் வேண்டும். ஆசிரியர்களும் காய்ச்சலால் வராத மாணவனின் வீட்டாரிடம் இவற்றையே கேட்கலாம்.